விலைப்பட்டியல் படத்தை அட்டவணையாக்கும்போது வரும் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

மொத்த வியாபாரி அனுப்பும் விலைப்பட்டியல் பெரும்பாலும் கைபேசியில் எடுத்த படமாகத்தான் வருகிறது. அதை எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து அட்டவணையாக்கி, பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தெந்தச் சரக்கின் விலை மாறியது என்று பார்ப்பதே நோக்கம். இந்த வேலையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் ஒப்பீட்டில் "விலை மாறியது" என்று தெரியும் வரிசைகளில் பல, உண்மையில் விலை மாறியவை அல்ல. படித்ததில் நேர்ந்த பிழைகள். ஆனால் அந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் வித்தியாசத்தைக் காட்டும் நெடுவரிசையில் தனக்கே உரிய அடையாளத்தை விட்டுச் செல்வதால், அந்த நெடுவரிசையையே பிழை தேடும் கருவியாகப் பயன்படுத்தலாம். கீழே உள்ளவை அந்த அடையாளங்களின்படி அமைந்தவை. கருவிகளாக, எழுத்தைப் படிக்க Tesseract, படத்தைத் திருத்த ImageMagick, ஒப்பிட ஒரு விரிதாள் ஆகிய மூன்றையும் வைத்துக்கொள்கிறேன். வேறு கருவி பயன்படுத்துவோருக்கும் அறிகுறிகள் இவையேதான்.

தொடங்கும் முன்: ஒப்பிட வேண்டியது கழித்தல் அல்ல, விகிதம்

புதிய விலையிலிருந்து பழைய விலையைக் கழித்துப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைவிடப் புதிய விலையைப் பழைய விலையால் வகுத்துப் பார்ப்பது பல மடங்கு பயன்தரும். ஒரு வியாபாரி ஒரு வகைச் சரக்கின் விலையை உயர்த்தும்போது பெரும்பாலும் ஒரே சதவீதத்தில்தான் உயர்த்துவார் என்பதால், சரியாகப் படிக்கப்பட்ட வரிசைகளின் விகிதங்கள் ஒரே எண்ணைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும். அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்பவை மட்டுமே சந்தேகத்துக்கு உரியவை.

புதிய தாளில் A நெடுவரிசையில் சரக்கின் குறியீடும் D-யில் விலையும் இருப்பதாகவும், பழைய பட்டியல் `palaya` என்ற தாளில் அதே அமைப்பில் இருப்பதாகவும் கொண்டால், E, F, G ஆகிய மூன்றிலும் முறையே இவற்றை இடலாம். பட்டியலில் 62 சரக்குகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம்.

```
=XLOOKUP(A2,palaya!A:A,palaya!D:D,"")
=IF(E2="","",D2/E2)
=IF(F2="","",ABS(F2/MEDIAN(F$2:F$63)-1)>0.03)
```

சராசரிக்குப் பதிலாக நடுவெண்ணை எடுப்பதற்குக் காரணம் உண்டு. நூறு மடங்காகப் படிக்கப்பட்ட ஒரே ஒரு விலை சராசரியை எங்கோ கொண்டுபோய்விடும், நடுவெண் அசையாது. 0.03 என்ற வரம்பு என் பழக்கத்தில் வந்தது. வியாபாரி விலைகளை முழு எண்ணுக்குத் திருத்தி எழுதுபவராக இருந்தால், சிறிய விலைகளில் விகிதம் இன்னும் அதிகமாகவே ஆடும் என்பதால், அங்கே வரம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஸ்க்ரூ பட்டியல் ஒன்றைப் படித்து ஒப்பிட்டதில் இப்படி வந்தது என்று கொள்வோம்.

| அளவு | பழைய விலை | படித்த விலை | விகிதம் |
|---|---|---|---|
| 6x25 | 84.00 | 88.20 | 1.05 |
| 6x32 | 96.00 | 100.80 | 1.05 |
| 8x25 | 110.00 | 11550 | 105.00 |
| 8x32 | 124.00 | 180.20 | 1.45 |
| 8x50 | 168.00 | 1176.40 | 7.00 |
| 10x50 | 210.00 | 210.00 | 1.00 |

மீதமுள்ள சரக்குகள் பெரும்பாலும் 1.05-ஐ ஒட்டியே நிற்கின்றன; ஆகவே இது ஐந்து சதவீத உயர்வு. விலகி நிற்கும் நான்கு வரிசைகளும் நான்கு வெவ்வேறு காரணங்களால் விலகியவை. படத்தைத் திறக்காமலேயே அவற்றில் இரண்டின் சரியான விலையைக் கணித்துவிட முடியும்.

அறிகுறி: விகிதம் கூட்டத்தின் எண்ணைப்போலப் பத்து மடங்கோ நூறு மடங்கோ இருக்கிறது

8x25-க்கு விகிதம் 105 என்று வந்தது. கூட்டத்தின் எண் 1.05; அதன் சரியான நூறு மடங்கு 105. ஆகவே புள்ளி மட்டும்தான் தவறியிருக்கிறது, விலை 115.50. பழைய அச்சுப்பொறியில் எடுத்த தாளிலும், படத்தின் அளவு குறுக்கப்பட்டபோதும், முதலில் மறைவது இந்தப் புள்ளிதான். இரண்டு மூன்று படப்புள்ளிகளுக்குமேல் அதற்கு அகலம் இருப்பதில்லை. நிழலை நீக்குவதற்காகப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது, தூசு என்று கருதி அதைத் துடைத்துவிடுவதும் உண்டு.

இதற்குத் தீர்வு இரண்டு நிலைகளில் உள்ளது. பட்டியலில் எல்லா விலைகளும் இரண்டு தசம இலக்கத்தோடு அச்சிடப்பட்டிருந்தால், புள்ளியே இல்லாமல் வந்த எண்ணை 100-ஆல் வகுத்துவிடலாம். சில விலைகள் தசமம் இல்லாமல் அச்சாகியிருந்தால் அப்படிச் செய்யக்கூடாது. விகிதத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அடிப்படையான தீர்வு படத்தில்தான் இருக்கிறது. பெரிய எழுத்து ஒன்றின் உயரம் குறைந்தது 20 முதல் 30 படப்புள்ளிகளாவது இருக்கும்படி படம் எடுக்கப்பட வேண்டும். நீளமான பட்டியலை ஒரே படத்தில் அடக்காமல், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி இரண்டு படங்களாக எடுத்தால் இந்த அளவு கிடைத்துவிடும். செய்திச் செயலிகள் படத்தைப் படமாக அனுப்பும்போது சுருக்கிவிடுவதால், அதையே ஆவணமாக அனுப்பச் சொல்லிக் கேட்பது நல்லது. பல நேரம் இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பிழைகள் போய்விடுகின்றன. ஏற்கெனவே சுருங்கிவந்த படத்தைப் பெரிதாக்கினால் மங்கிய புள்ளி திரும்பி வராது. எழுத்து சிறிதாக இருந்தும் விளிம்பு கூர்மையாக இருக்கும் படத்துக்கு மட்டுமே இரு மடங்காகப் பெரிதாக்குவது உதவும்.

அறிகுறி: முன்னால் ஒரு "1" ஒட்டிக்கொண்டிருக்கிறது

8x50-இன் விகிதம் 7.00. இது பத்தின் மடங்கு அல்ல. ஆனால் படித்த விலையான 1176.40-இலிருந்து ஆயிரத்தைக் கழித்தால் 176.40 வருகிறது, அதை 168-ஆல் வகுத்தால் 1.05. இங்கே கூடுதலாக வந்த "1" எண்ணே அல்ல; அட்டவணையின் செங்குத்துக் கோடு. எண் கோட்டுக்கு மிக நெருக்கமாக அச்சாகியிருந்தால் எழுத்துணரி அந்தக் கோட்டை 1 என்றோ `|` என்றோ படித்துவிடும். அதிக இலக்கங்கள் கொண்ட விலைகளில்தான் இது நேரும், ஏனென்றால் வலப்பக்கம் ஒழுங்கு செய்த நெடுவரிசையில் நீளமான எண்தான் இடப்பக்கக் கோட்டைத் தொடும். அதே நெடுவரிசையில் சிறிய விலைகள் சரியாகவும் பெரிய விலைகள் மட்டும் தவறாகவும் வந்தால் கோடுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

கோடுகளைப் படத்திலிருந்து அழிக்க வழிகள் உண்டு. ஆனால் அவை பல நேரம் எண்ணின் ஓரத்தையும் சேர்த்தே தின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கோட்டைத் தவிர்த்து விலை நெடுவரிசையை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாகப் படிக்கச் செய்வதே எனக்குப் பிடித்த வழி.

```
magick page.png -crop 290x2400+1510+0 +repage vilai.png
tesseract vilai.png vilai --psm 6 \
  -c tessedit_char_whitelist=0123456789. tsv
```

முதல் வரியில் உள்ள எண்கள் முறையே அகலம், உயரம், இடமிருந்து தொலைவு, மேலிருந்து தொலைவு. உங்கள் படத்துக்கேற்ப அவற்றை மாற்ற வேண்டும். `--psm 6` என்பது படத்தை ஒரே சீரான உரைத்தொகுதியாகக் கருதச் சொல்கிறது. எழுத்துகளை எண்களுக்கும் புள்ளிக்கும் மட்டும் கட்டுப்படுத்தும் `tessedit_char_whitelist`, O-வை 0 என்றும் l-ஐ 1 என்றும் சரியாக எடுக்க உதவும்.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. விலைக்குப் பதிலாகச் சில இடங்களில் கோடு போட்டிருப்பார்கள், அல்லது "கேட்டு அறியவும்" என்று எழுதியிருப்பார்கள். எண்களை மட்டும் அனுமதித்தால் அந்த வரிசை வெளியீட்டில் காணாமல் போகும், அல்லது அர்த்தமற்ற எண் ஒன்றாக மாறும். காணாமல் போனால் அதற்குக் கீழே உள்ள விலைகள் எல்லாம் ஒரு வரிசை மேலே ஏறிவிடும். ஆகவே தனியாகப் படித்த விலைகளைச் சரக்குப் பெயர்களின் பக்கத்தில் வெறுமனே வரிசையாக ஒட்டக்கூடாது. மேலே `tsv` என்று வெளியீட்டைக் கேட்டதன் காரணமும் இதுதான். அந்தக் கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது படத்தில் இருக்கும் இடம் `left`, `top`, `width`, `height` என்று எழுதப்பட்டிருக்கும். வெட்டும்போது மேலிருந்து தொலைவை 0 என்றே வைத்திருந்தால், பெயரின் `top` எண்ணும் விலையின் `top` எண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதைக்கொண்டு இணைக்க வேண்டும்.

பெயர்களைப் படித்த `tsv` கோப்பை பைத்தானில் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்குலத்தைக் குறிக்கும் மேற்கோள் குறி சரக்குப் பெயரில் இருந்தால், வழக்கமான முறையில் திறக்கும்போது அந்தக் குறியிலிருந்து அடுத்த குறிவரை உள்ள பல வரிகள் ஒரே சொல்லாக விழுங்கப்பட்டுவிடும். பட்டியலில் இடையில் பத்துச் சரக்குகள் மாயமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

```python
import pandas as pd
d = pd.read_csv("peyar.tsv", sep="\t", quoting=3)
```

அறிகுறி: ஒரு வரிசைக்குமேல் எல்லாம் சரி, அதற்குக் கீழே விலைகள் தாறுமாறாக ஏறி இறங்குகின்றன

இது இருப்பவற்றிலேயே மோசமானது. ஒவ்வொரு எண்ணும் சரியாகப் படிக்கப்பட்டிருக்கும். ஆனால் பக்கத்துச் சரக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். எண்ணைத் தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல எதுவும் இருக்காது. விகித நெடுவரிசையில் 1.14, 0.88, 1.31, 0.79 என்று உயர்வும் தாழ்வும் கலந்து தொடர்ச்சியாக வந்தால், ஒரு வரிசையின் புதிய விலையை அதற்கு அடுத்த வரிசையின் பழைய விலையால் வகுத்துப் பாருங்கள். அப்போது எல்லாம் 1.05-க்கு வந்து நின்றால் விலைகள் ஒரு வரிசை நகர்ந்துவிட்டன என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யும்போது இரு தாள்களிலும் சரக்குகள் அச்சில் உள்ள அதே வரிசையில் இருக்க வேண்டும். அகர வரிசையில் அடுக்கிவிட்டால் தடயம் அழிந்துபோகும்.

நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தின் சாய்வு. எவ்வளவு சாய்ந்தால் கெடும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். படத்தில் பட்டியலின் அகலம் 2000 படப்புள்ளிகள் என்றும், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 40 படப்புள்ளிகள் என்றும் கொள்வோம். படம் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால், இடக்கோடியில் உள்ள பெயருக்கும் வலக்கோடியில் உள்ள விலைக்கும் இடையே 35 படப்புள்ளிகள் உயர வேறுபாடு வந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒரு முழு வரிசை. கண்ணுக்கு நேராகத் தெரியும் படத்தில்கூட ஒரு பாகை சாய்வு இருக்கும். பாதி பாகைக்குமேல் போனாலே, `top` எண்ணை வைத்து இணைப்பதும் தவறான வரிசையைத்தான் பிடிக்கும்.

```
magick photo.jpg -auto-orient -colorspace Gray -deskew 40% +repage page.png
```

இந்தக் கட்டளை முழுப் படமும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிடும். தாளுக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் மேல் வரிகள் ஒரு கோணத்திலும் கீழ் வரிகள் வேறொரு கோணத்திலும் இருக்கும் என்பதால், அதை இது சரிசெய்யாது. அப்படிப்பட்ட படத்தில் பாதிப் பட்டியல் சரியாகவும் மறுபாதி நகர்ந்தும் வரும். மேலே சொன்ன அறிகுறி குறிப்பிட்ட ஒரு வரிசையில் தொடங்குவதன் காரணமும் இதுவே. கைபேசியில் உள்ள ஆவண ஸ்கேன் வசதி தாளின் நான்கு மூலைகளையும் கண்டுபிடித்துச் செவ்வகமாக்கித் தருவதால், அதில் எடுத்து அனுப்பச் சொல்வதுதான் எளிது. மடித்த தாளிலும், கட்டு புத்தகத்தின் நடுவே வளைந்த தாளிலும் அதுவும் தோற்றுவிடும். அங்கே படத்தைக் குறுக்குவாட்டில் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிமிர்த்திப் படிக்கச் செய்வதைத் தவிர நான் அறிந்த குறுக்குவழி இல்லை.

அறிகுறி: விகிதம் விலகியிருக்கிறது, ஆனால் புள்ளியும் கோடும் காரணம் இல்லை

8x32-க்கு 180.20 என்று வந்தது. கூட்டத்தின் எண்ணைக்கொண்டு எதிர்பார்க்கும் விலை 130.20. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் ஒரே ஓர் இலக்கம் மட்டும் மாறியிருப்பது தெரியும்: 3 என்பது 8 ஆகிவிட்டது. 3-8, 1-7, 5-6, 6-8 ஆகிய ஜோடிகள் மங்கிய அச்சில் அடிக்கடி ஒன்றுக்கொன்று இடம் மாறுபவை. எதிர்பார்க்கும் விலைக்கும் படித்த விலைக்கும் இடையே ஒரே இலக்கம் வேறுபட்டு, அதுவும் இந்த ஜோடிகளில் ஒன்றாக இருந்தால், படத்தைப் பெரிதாக்கி அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும். கணித்த விலையைப் படத்தைப் பார்க்காமல் தாளில் எழுதிவிடக்கூடாது. அந்த ஒரு சரக்குக்கு மட்டும் வியாபாரி உண்மையாகவே விலையை ஏற்றியிருக்கலாம்.

இந்த முறையின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. பழைய விலை 98.50 ஆக இருந்த சரக்கின் புதிய விலை 103.50 என்று அச்சாகியிருந்து, அது 108.50 என்று படிக்கப்பட்டால் விகிதம் 1.10 ஆகிறது; கொடி எழுகிறது. ஆனால் அதே 103.50, கடைசி இலக்கங்களில் தவறி 103.60 என்று படிக்கப்பட்டால் எந்த விகிதமும் அதைக் காட்டிக்கொடுக்காது. கூட்டத்துக்குள் விழும் பிழையை விகிதத்தால் பிடிக்க முடியாது. அதற்கு இரண்டு துணைகள் உண்டு. பட்டியலில் ஒரு துண்டின் விலையும் ஒரு பெட்டியின் விலையும் இரண்டுமே அச்சிடப்பட்டிருந்தால், பெட்டியில் உள்ள எண்ணிக்கையோடு துண்டின் விலையைப் பெருக்கிப் பார்க்கலாம். மூன்று எண்களில் எது தவறாகப் படிக்கப்பட்டாலும் கணக்கு உடையும். இதைவிட நம்பகமான சோதனை இந்த வேலையில் வேறில்லை. அப்படி இல்லாத பட்டியலில், சாம்பல் நிறப் படத்தை ஒருமுறையும், அதையே கறுப்பு வெள்ளையாக்கியதை இன்னொரு முறையும் படிக்கச் செய்து, இரண்டு விடைகளும் ஒத்துப்போகாத கட்டங்களை மட்டும் கண்ணால் பார்க்கலாம்.

```
magick page.png -negate -lat 25x25+10% -negate kv.png
```

`tsv` கோப்பில் `conf` என்று ஒரு நெடுவரிசை உண்டு. எழுத்துணரி தன் விடையில் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை அது 100-க்குச் சொல்கிறது. எண் குறைவாக உள்ள கட்டங்களைப் பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் எண் உயர்ந்திருப்பதாலேயே கட்டம் சரி என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். 3-ஐ 8 என்று 95 உறுதியோடு சொல்வதும் நடக்கிறது.

அறிகுறி: ஒரே சரக்கு "நீக்கப்பட்டது" என்றும் "புதிது" என்றும் இரு முறை வருகிறது

விலையில் பிழை இல்லை, பெயர் பொருந்தவில்லை. போன பட்டியலில் `6x25` என்று படிக்கப்பட்டது இந்த முறை `6×25` என்றோ `6 X 25` என்றோ வந்திருக்கும். தமிழில் அச்சான பெயர்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. "கொ" என்பதை யூனிகோடில் ஒகர உயிர்க்குறி ஒன்றாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். விரிதாளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். கண்ணால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் வித்தியாசம் புலப்படாத இந்தப் பிழையை `=LEN(A2)` காட்டிக்கொடுக்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு நீளம் வரும். பைத்தானில் `unicodedata.normalize("NFC", s)` என்று கொடுத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். "ர"வும் துணைக்காலும் இடம் மாறிப் படிக்கப்படுவது இதனால் தீராது. அது எழுத்துப் பிழையே.

இந்த நிலையில் பலர், பெயர்கள் ஏறத்தாழ ஒத்திருந்தால் போதும் என்று தளர்வான ஒப்பீட்டுக்குப் போகிறார்கள். ஸ்க்ரூ பட்டியலில் அது கேட்டைத்தான் தரும். `6x25`, `8x25` ஆகிய இரண்டும் ஓர் எழுத்து மட்டும் மாறியவை, ஆனால் வேறு வேறு சரக்குகள். "ஸ்குரூ", "ஸ்க்ரூ" ஆகியவற்றிலும் எழுத்து வேறுபாடு ஒன்றிரண்டுதான், ஆனால் சரக்கு ஒன்றே. ஆகவே எழுத்துப் பகுதிக்கு மட்டும் தளர்வைக் கொடுத்து, எண்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிட உறுதியானது, வியாபாரி எழுதும் ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் எதிரே நம் சொந்தக் குறியீட்டை எழுதிய தனித் தாள் ஒன்றை வைத்திருப்பது. புதிய வடிவம் வரும்போது ஒருமுறை கையால் சேர்த்துவிட்டால், அடுத்த பட்டியலுக்கு அது தானாகப் பொருந்தும். மூன்று நான்கு பட்டியல்களுக்குப் பிறகு சேர்ப்பதற்கு ஏதும் இருக்காது.

அளவை `6*25` என்று நட்சத்திரக் குறியோடு எழுதும் வியாபாரிகளும் உண்டு. `VLOOKUP`, `MATCH`, `COUNTIF` ஆகியவை நட்சத்திரத்தை "இங்கே எது வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று பொருள்கொள்வதால், `6*25` என்று தேடினால் `6*125` என்ற வரிசை முன்னால் இருந்தால் அதன் விலையை எடுத்துக்கொடுத்துவிடும். வேறு அமைப்பு கொடுக்காதவரை `XLOOKUP` அப்படிச் செய்யாது. பழைய தாள்களைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள், பொருத்தும் முன் `*` குறியை `x` என்று மாற்றிவிடுவது பாதுகாப்பு. `6-32` என்று கழித்தல் குறியோடு எழுதப்பட்ட அளவைச் சில விரிதாள்கள் தேதியாக மாற்றிவிடும். கோப்பைத் திறந்த பிறகு இதைத் திருத்த முடியாது, அளவு அழிந்துவிட்டிருக்கும். உள்ளே கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை உரை என்று அறிவிக்க வேண்டும்.

அறிகுறி: விகிதம் கணக்கிடப்படாமல் பிழைச்செய்தி வருகிறது

விலை எண்ணாக இல்லை, எண் போலத் தோன்றும் உரையாக இருக்கிறது. `=ISNUMBER(D2)` என்பது FALSE என்று சொன்னால் அதுதான் காரணம். `TRIM` சாதாரண இடைவெளியை நீக்கும். ஆனால் படத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ வரும் பிரியா இடைவெளியைத் தொடாது.

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(TRIM(D2),UNICHAR(160),""),",",""))
```

தசமத்துக்குக் காற்புள்ளி பயன்படுத்தும் பட்டியலுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது, அது விலையை நூறு மடங்காக்கிவிடும். அங்கே `NUMBERVALUE` வேண்டும்.

அறிகுறி: எல்லாம் ஏறியிருக்க, ஒரு சரக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது

கடைசியாக 10x50. விலை 210.00, விகிதம் 1.00. படத்திலும் 210.00 என்றே இருக்கிறது. படித்ததில் பிழை இல்லை. விலை மாறவில்லை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகத் தோன்றும். ஆனால் பெட்டியில் உள்ள எண்ணிக்கையைச் சொல்லும் நெடுவரிசையைப் பார்த்தால், பழைய பட்டியலில் 100 என்று இருந்தது இப்போது 90 என்று இருக்கிறது. ஒரு ஸ்க்ரூவின் விலை 2.10-இலிருந்து 2.33 ஆகியிருக்கிறது, பதினொரு சதவீத உயர்வு. மற்ற எல்லாச் சரக்குகளையும்விட அதிகமாக ஏறியது "மாறாமல்" நின்ற இந்தச் சரக்குதான். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: விகிதம் 2.00 என்று வந்து பதறவைக்கும் வரிசையில், பெட்டியின் அளவு இரு மடங்காகியிருப்பதைப் பிறகுதான் கண்டுபிடிப்போம்.

ஆகவே E, F நெடுவரிசைகளில் ஒப்பிட வேண்டியது அச்சான விலையை அல்ல, ஒரு துண்டுக்கான விலையை. எண்ணிக்கையைத் தனி நெடுவரிசையாகப் படித்து, விலையை அதனால் வகுத்து, இரண்டு பட்டியல்களிலும் அப்படி வந்த எண்களைத்தான் ஒன்றோடொன்று வகுக்க வேண்டும். எண்ணிக்கை நெடுவரிசையிலும் 100 என்பது 10 என்று படிக்கப்படலாம் என்பதால், எண்ணிக்கை மாறியதாகத் தெரியும் ஒவ்வொரு வரிசையையும் படத்தோடு சரிபார்க்க வேண்டும். அப்படி மாறுபவை ஒரு பட்டியலில் சிலவே இருக்கும்.

அறிகுறி: பட்டியல் முழுவதும் எதிர்பாராத அளவில், ஆனால் ஒரே விகிதத்தில் மாறியிருக்கிறது

எல்லா வரிசைகளும் 1.18 என்றோ 0.90 என்றோ ஒரே எண்ணில் நின்றால், அது படித்ததில் வந்த பிழையாக இருக்க வாய்ப்பில்லை; எழுத்துணரி அவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யாது. விலையின் பொருள் மாறியிருக்கும். முன்பு வரி சேர்க்காமல் கொடுத்தவர் இப்போது சேர்த்துக் கொடுத்திருக்கலாம், அல்லது தள்ளுபடிக்கு முந்திய விலைக்குப் பதிலாகப் பிந்திய விலையை அச்சிட்டிருக்கலாம். இதைச் சொல்லும் ஒற்றை வரி பட்டியலின் அடியிலோ தலைப்பிலோ சிறிய எழுத்தில் இருக்கும். அட்டவணையை மட்டும் வெட்டியெடுத்துப் படிக்கும் நம் பழக்கத்தால் அந்த வரியைத்தான் நாம் வெட்டி எறிந்திருப்போம். ஒருமுறை இப்படி ஏமாந்து, வியாபாரியிடம் "ஏன் இவ்வளவு ஏற்றிவிட்டீர்கள்?" என்று கேட்டபோது, "கீழே எழுதியிருக்கிறதைப் படிக்கவில்லையா?" என்றார். அன்றிலிருந்து, அட்டவணைக்கு வெளியே உள்ள எல்லா வரிகளையும் தனியாகப் படித்துப் பட்டியலின் தேதியோடு சேர்த்துக் குறித்துவைக்கிறேன்.

அறிகுறி: போன முறை இல்லாத சரக்கு "புதிது" என்று வருகிறது, ஆனால் அது பழையதுதான்

இருப்பு இல்லாத சரக்கை வியாபாரி ஒரு பட்டியலில் விட்டுவிட்டு அடுத்ததில் மீண்டும் சேர்ப்பார். கடைசிப் பட்டியலோடு மட்டும் ஒப்பிடும் தாள் அதைப் புதிய சரக்கு என்று காட்டும். இடையில் அதன் விலை எவ்வளவு ஏறியது என்பது தெரியாமலே போய்விடும். பழைய தாளின்மேல் புதியதை எழுதாமல், ஒவ்வொரு பட்டியலின் வரிசைகளையும் `varalaru` என்ற ஒரே நீளமான தாளில் அடியில் சேர்த்துக்கொண்டே போவது இதைத் தீர்க்கும். அதில் குறியீடு, பட்டியலின் தேதி, எண்ணிக்கை, விலை, படக்கோப்பின் பெயர் ஆகிய ஐந்து நெடுவரிசைகள் போதும். அப்போது ஒப்பிடுவது அந்தச் சரக்குக்குக் கடைசியாகத் தெரிந்த விலையோடு. `XLOOKUP`-இன் ஆறாவது இடத்தில் -1 என்று கொடுத்தால் அது கீழிருந்து மேலாகத் தேடி அந்தக் கடைசி விலையை எடுத்துத் தரும். புதிய பட்டியலைச் சரிபார்த்து முடித்த பிறகுதான் அதை நீளத் தாளில் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்துவிட்டால் புதிய விலை தன்னோடு தானே ஒப்பிடப்பட்டு, எல்லா விகிதமும் 1.00 என்று வந்து நிற்கும்.

```
=XLOOKUP(A2,varalaru!A:A,varalaru!D:D,"",0,-1)
```